கட்டி முடியாத வீட்டின் நஷ்டம்

தொழிற்சாலையில் என் சித்தப்பாவுக்கு உச்சாணி என்று பெயர். இரும்புத் தகடுகள் அடுக்கியிருக்கும் திறந்தவெளி முற்றத்தில், அறுபதடி உயரத்தில் ஓடும் க்ரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். கீழே இருந்து யாராவது கத்தினால் கேட்காது. "உச்சாணி காதுல விழணும்னா கடவுளே மைக் பிடிக்கணும்" என்பார்கள். அவர் பார்க்கும் ஒரே பாஷை கை ஜாடைதான். உள்ளங்கை மேலே என்றால் தூக்கு, முஷ்டி என்றால் நிறுத்து. வீட்டில்கூட சோறு போதும் என்பதற்கு முஷ்டியைத்தான் காட்டுவார்.

அந்தக் கூண்டிலிருந்து பார்த்தால் மூன்று கிலோமீட்டர் தள்ளி அவர் வாங்கிய வீடு தெரியும். வீடு என்று சொல்வது பழக்கதோஷம். எட்டு மாடி வர வேண்டிய கட்டடத்தில் ஐந்து மாடிக்குத் தளம் போட்டு, அதன்மேல் தூண்களை நட்டு, கம்பிகளை வானத்தைப் பார்க்க விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். உச்சியில் ஒரு கோபுர க்ரேன். சித்தப்பா காலையில் கூண்டில் ஏறியதும் முதலில் பார்ப்பது அந்தக் க்ரேனின் கொக்கியைத்தான். தொழில்காரரின் கண். நேற்று இருந்த இடத்திலேயே கொக்கி தொங்கினால் நேற்றும் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம்.

சாயங்காலம் கேட்டில் நான் கேட்பேன், "என்ன சித்தப்பா?"

"கொக்கி நகரல."

நான் அதே தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா இல்லை. ஆறு பருவத்துக்கும் கட்டணம் கட்டியது சித்தப்பாவின் ஓவர்டைம். அதனால் பிரிவில் சேர்ந்ததும் நான் ஆசை ஆசையாகச் செய்த முதல் வேலை அவருடைய வரிப் படிவத்தை நிரப்பியதுதான். அதைப்பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். வேறு எதைப்பற்றி எழுத உட்கார்ந்தாலும் பேனா அங்கேதான் போய் நிற்கிறது.

விஷயம் இதுதான். சம்பளம் ஒரு தலைப்பு, வீட்டுச் சொத்து இன்னொரு தலைப்பு. குடியிருக்கும் சொந்த வீட்டிலிருந்து வாடகை வராது, ஆனால் கடனுக்கு வட்டி கட்டுகிறோம். அதனால் வீட்டுத் தலைப்பில் நஷ்டம். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்த நஷ்டத்தை, வருடத்துக்கு இரண்டு லட்சம் வரை, சம்பளத் தலைப்பில் கொண்டுபோய்க் கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் அது முடியாது. வேலை கொடுப்பவரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால், மாதச் சம்பளத்தில் வரி பிடிக்கும்போதே கழித்துவிடுவார்கள்.

சித்தப்பாவுக்கு வருடச் சம்பளம் ஏழு லட்சத்து எண்பதாயிரம். மூன்று வருடமாக அதுவும் கொக்கி மாதிரி நகரவில்லை. எல்லாருக்கும் உள்ள ஐம்பதாயிரம் கழிவும், சேமிப்புக்கான ஒன்றரை லட்சமும் போனால் ஐந்து லட்சத்து எண்பதாயிரம். அதற்கு வரி, இருபத்தொன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது. ஆனால் வீட்டு நஷ்டத்தையும் கழித்தால் வருமானம் ஐந்து லட்சம் என்ற கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். கோட்டுக்குக் கீழே இருந்தால் வரியே இல்லை. பைசா இல்லை.

அதை நான் கண்டுபிடித்துச் சொன்ன அன்று சித்தி எனக்குக் கண்ணேறு கழிக்காத குறை. "நீ படிச்ச படிப்பு வீண்போகல பாப்பா" என்றாள். வங்கியின் வட்டிச் சான்றிதழ் கையில் இருந்தது. பில்டர் அவசரப்படுத்தி, கடனில் பெரும்பகுதியை முதல் ஆறு மாதத்திலேயே வாங்கிக்கொண்டிருந்தான். அந்த வருடமே வட்டி ஒன்றே முக்கால் லட்சம். அடுத்த வருடத்திலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேல்.

படிவத்தைக் கணினியில் ஏற்றும்போது ஒரு கட்டம் வந்தது. வீடு கட்டி முடிந்து கைக்கு வந்த தேதி. நான் காலியாக விட்டேன். சிவப்பில் மின்னியது. மேலே போக விடவில்லை. பிரிவுத் தலைவரைக் கூப்பிட்டேன். நாங்கள் அவரை செக்ஷன் சார் என்போம்.

"சார், வீடு இன்னும் முடியல. என்ன தேதி போடறது?"

அவர் எழுந்துகூட வரவில்லை. "அக்ரிமென்ட் தேதியப் போடும்மா. அந்தக் கட்டம் காலியா இருந்தா மெஷின் உள்ளே விடாது. எல்லாருக்கும் அப்படித்தான் போடறோம்."

"அது சரியா சார்?"

"வட்டி நெஜமா கட்டறாரா இல்லையா?"

"கட்டறார்."

"அப்புறம் என்ன? போடு."

போட்டேன். அடுத்த வருடமும் போட்டேன். மூன்றாம் வருடம் அந்தக் கட்டத்தில் பழைய தேதி தானாகவே வந்து நின்றது. நான் கேள்விகூடக் கேட்கவில்லை. ஜூலையில் வருமானக் கணக்கு தாக்கல் செய்ததும் நானே. வீட்டுத் தின்பண்டத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்து, அவருக்கு வரும் ஆறு இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி, அழுத்தி முடிப்பேன். "ஆச்சா?" என்பார். "ஆச்சு சித்தப்பா." அவ்வளவுதான்.

கட்டி முடியாத வீட்டுக்கு நஷ்டம் இல்லை. இந்த ஒரு வரியை நான் படித்திருக்க வேண்டும். கட்டுமானம் முடிந்த வருடத்திலிருந்துதான் வட்டியைக் கழிக்க முடியும். அதற்கு முந்தைய வருடங்களின் வட்டி போய்விடாது. முடிந்தபின் ஐந்து சம பங்காகப் பிரித்துக் கழிக்கலாம், அதுவும் அதே இரண்டு லட்சம் எல்லைக்குள். அதுவரை அது வெறும் செலவு. படித்த பாடப்புத்தகத்தில் அந்தப் பக்கம் இருந்தது. எனக்கு அதில் பதிமூன்றுக்குப் பன்னிரண்டு மதிப்பெண்.

நவம்பர் கடைசியில் சித்தப்பா போனுக்கு வரித் துறையிலிருந்து செய்தி வந்தது. அவர் அதைச் சலுகை விளம்பரம் என்று நினைத்து நான்கு நாள் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, "இவங்க என்னமோ வீட்டப் பத்திக் கேக்கறாங்க பாரு. பில்டர் மேல நடவடிக்கை எடுக்கப் போறாங்களோ?" என்று சந்தோஷமாக நீட்டினார்.

வீடு கட்டி முடிந்ததற்கான சான்றை அளிக்கவும், இல்லையேல் மூன்று வருடக் கணக்கையும் திருத்தவும் என்று இருந்தது.

இரண்டு முறை படித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஜாடை போதும்.

"என்ன, தூக்குவாங்களா? நிறுத்துவாங்களா?"

"கட்டணும் சித்தப்பா."

"எவ்வளவு?"

ஒரு தாளில் போட்டேன். கடைசி வருடக் கணக்கை டிசம்பர் முடிவதற்குள் திருத்தினால் வரியும் வட்டியும் மட்டும், முப்பத்து நாலாயிரம். அதற்கு முந்தைய வருடத்துக்கு நாள் கடந்துவிட்டது. இப்போது திருத்தினால் வரி, வட்டி, அதற்குமேல் கால்பங்கு கூடுதல், நாற்பத்தேழாயிரம். முதல் வருடத்துக்குப் பாதிப்பங்கு கூடுதல், அறுபத்தோராயிரம். சுமார் ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம்.

சித்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "இல்லாத வீட்டுக்கு வட்டி கட்டறோம். இருக்கிற வீட்டுக்கு வாடகை கட்டறோம். இப்ப இல்லாத வீட்டுல நஷ்டம்னு சொன்னதுக்கு அபராதமா? நஷ்டம் இல்லன்னா, அப்ப நமக்கு லாபமா பாப்பா?"

சித்தப்பா தாளை எடுத்துக் கூட்டலை மறுபடி பார்த்தார்.

"கட்டலேன்னா?" என்றார் சித்தப்பா.

"இப்ப வந்திருக்கிறது எச்சரிக்கைதான். சும்மா இருந்தா நோட்டீஸ் வரும். தெரிஞ்சே பொய்க் கணக்கு குடுத்தோம்னு முடிவு பண்ணா, வரி மாதிரி ரெண்டு மடங்கு அபராதம் போடலாம்."

"நாம எங்க பொய் சொன்னோம்? வட்டிக் காகிதம் வங்கி குடுத்தது."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு மடக்கு தண்ணீர் குடித்தேன்.

பணம் எங்கிருந்து வரும் என்பது அந்த வீட்டில் பெரிய கணிதம் இல்லை. வருங்கால வைப்பு நிதியில் எடுக்க முடிந்ததை முன்பணத்துக்கு எடுத்தாகிவிட்டது. சித்தியின் வளையல்கள் வீட்டுப் பதிவுக்குப் போய் அடகில் இருந்தன. சம்பளத்தில் தவணை இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு, வாடகை ஒன்பதாயிரம், பள்ளிக்கூடம், பாட்டியின் மாத்திரை. மிச்சம் என்று ஒன்று இருந்தால் அது மாதக்கடைசியில் சித்தப்பாவின் சட்டைப்பையில் கிடக்கும் சில்லறை.

அந்தச் செய்தியில் இருந்த ஒரு சொல்லை மட்டும் அவர் பிடித்துக்கொண்டார். சான்று. "வீடு முடிஞ்சதுக்குச் சான்று குடுத்தா விட்டுடுவாங்கல்ல? பில்டர்கிட்டயே கேப்போம்."

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டு இருவரும் பில்டர் அலுவலகத்துக்குப் போனோம். கட்டடம் நின்றுபோனாலும் அலுவலகத்தில் குளிர்சாதனம் நிற்கவில்லை. மேசைமேல் எட்டு மாடிக் கட்டடத்தின் பொம்மை, பால்கனியில் பொம்மைச் செடிகள். சித்தப்பா ஐந்தாவது மாடியில் மூன்றாவது ஜன்னலை விரலால் தொட்டார்.

மேலாளர் சிரித்த முகக்காரர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்கா சார் இவ்வளவு கவலை? ஒப்படைச்ச கடிதம் குடுத்துடறோம். மூணு வருஷத்துக்கு முந்தின தேதியே போட்டுத் தர்றோம்" என்றார்.

சித்தப்பா நிமிர்ந்தார். "தருவீங்களா?"

"ஏன் தரமாட்டோம்? வீட்டை நல்ல நிலையில பெற்றுக்கொண்டேன்னு நீங்க ஒரு கையெழுத்து போட்டுடுங்க. அப்புறம் இங்க வீடு வாங்கின முப்பத்தெட்டுக் குடும்பம் சேர்ந்து எங்க மேல ஒரு வழக்கு போட்டிருக்கீங்கல்ல, அதுல உங்க பேர எடுத்துடணும். வீட்டை வாங்கிக்கிட்டவரு வீடு வரலேன்னு வழக்கு நடத்த முடியாதுல்ல சார்? லாஜிக்குதான்."

"வீடு எப்ப வரும்?"

"அது வரும் சார். வராம எங்க போகும்?"

அச்சடித்த தாள் இரண்டு நிமிடத்தில் வந்தது. சித்தப்பாவின் பெயர், வீட்டு எண், தேதி. நான் கட்டத்தில் போட்ட அதே தேதி. வரித் துறையின் செய்தியில் இருந்த அந்தத் தேதியைச் சித்தப்பாதான் படித்துச் சொன்னார்.

சித்தப்பா பேனாவை வாங்கினார். அந்த ஒரு நிமிடத்தைப்பற்றித்தான் என்னிடம் நானே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் கடிதம் போதாது என்று எனக்குத் தெரியும். நகராட்சியின் முடிவுச் சான்று கேட்பார்கள், மின் இணைப்பு கேட்பார்கள், ஒருவர் நேரில் போய்ப் பார்த்தால் காக்கையும் கம்பியும்தான் இருக்கும். ஒரு பொய்த் தேதிக்கு இன்னொரு பொய்க் காகிதம் முட்டு. அதோடு, கொடுத்த பணத்தைக் கேட்கும் உரிமையும் போய்விடும். எல்லாம் தெரியும். ஆனாலும் அவர் கையெழுத்துப் போடட்டும் என்று நினைத்தேன். அவர் போட்டுவிட்டால் அந்தத் தேதி அவருடையதாகிவிடும். என்னுடையதாக இருக்காது. அப்படி நினைத்தது உறைத்ததும் எழுந்தேன்.

"சித்தப்பா, ஒரு நிமிஷம் வெளிய வாங்க."

"எதுக்கு?"

"வாங்களேன்."

மேலாளர் சிரிப்பு மாறாமல், "பொண்ணு படிச்சவங்க போல" என்றார்.

வெளியே படிக்கட்டு அருகில் நின்றோம். "அந்தத் தேதிய நான்தான் போட்டேன்" என்றேன்.

"எந்தத் தேதி?"

"வீடு முடிஞ்ச தேதி. மூணு வருஷமும். கட்டம் காலியா இருந்தா உள்ளே விடாதுன்னு போட்டேன். நீங்க சொல்லல. நானா போட்டேன்."

அவர் தெருவைப் பார்த்தார். லாரி ஒன்று பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. பழக்கத்தில் அவர் விரல்கள் அதற்கு வழி காட்டுவதுபோல அசைந்தன.

"நீயா போட்ட?"

"ஆமா."

"தெரிஞ்சா?"

"சரியில்லன்னு தோணிச்சு. ஆனா போட்டேன்."

"கையெழுத்து யாரு போட்டது?"

"நீங்க."

"படிச்சா போட்டேன்?"

"இல்ல."

"நீ படிச்சிருக்கியேன்னு போட்டேன்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உள்ளே போய்ப் பேனாவை மேசையில் வைத்தார். தாளைத் தொடவில்லை. மேலாளரிடம் முஷ்டியைக் காட்டினார். அவருக்கு அந்த ஜாடை புரியவில்லை. அடிக்க வருகிறார் என்று நினைத்து நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

திரும்பும்போது பேருந்தில் இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்தார்.

மறுநாள் நான் செக்ஷன் சாரிடம் போனேன். பட்டியலைப் பார்த்ததில் சித்தப்பா தவிர இன்னும் ஏழு பேருக்கு அக்ரிமென்ட் தேதிதான் முடிவுத் தேதி. "ஏழு பேர்கிட்டயும் சொல்லணும் சார்."

"யாரு கேட்டாங்க உன்ன?"

"செய்தி வர்றதுக்கு முன்னாடி திருத்தினா அவங்களுக்கு நல்லது."

"நாம வெறும் பிடிக்கிறவங்கம்மா. அவங்க எழுதிக் குடுத்ததுக்குப் பிடிக்கிறோம். பொறுப்பு கையெழுத்து போட்டவனுக்கு." அவர் சொன்னது சட்டப்படி பெரும்பாலும் சரிதான். அதுதான் என்னை உறங்க விடவில்லை. நான் போட்ட தேதிக்கு நான் பொறுப்பில்லை என்று சட்டமே சொல்கிறது. ஏழு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். அதில் ஒருவர் இன்றுவரை என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடக்கிறார்.

என் சேமிப்பு முப்பத்தெட்டாயிரம். ஒரு உறையில் போட்டுச் சித்தியிடம் கொடுக்கப் போனேன். சித்தப்பா வாசலிலேயே வாங்கிக்கொண்டார். எண்ணவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்த எனக்கு முகம் சுருங்கியது. அப்புறம் வெட்கமாக இருந்தது. மிச்சத்துக்குத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டார். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, தண்ணீர் வராத மூன்றாவது மாடியில் ஒற்றை அறைக்கு மாறினார்கள். வாடகை ஆறாயிரம். சித்தி குடத்தோடு படி ஏறும்போது, "அஞ்சாவது மாடிக்கு இப்பவே பழகிக்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

டிசம்பர் இருபத்தாறாம் தேதி மூன்று கணக்கையும் திருத்தித் தாக்கல் செய்தேன். வீட்டுத் தலைப்பில் நஷ்டம் என்ற இடத்தில் பூஜ்யம். ஆறு இலக்க எண் வந்ததும் அவர் போனை என் பக்கம் தள்ளினார். "ஆச்சா?" என்று கேட்கவில்லை.

அதோடு முடியவில்லை. நடப்பு வருடத்துக்கும் ஏப்ரலிலிருந்து அவருக்கு வரி பிடிக்கவில்லை. வருடம் முடிய மூன்று சம்பளம்தான் பாக்கி. முழு வரியையும் அந்த மூன்றில் பிடிக்க வேண்டும். மாதம் ஒன்பதாயிரத்து எண்ணூற்று எண்பது. ஜனவரி சம்பளத்தில் அந்தத் தொகையை அடித்தது நான்தான். அவருடைய சீட்டை மடித்து உறையில் போட்டு, மற்றவர்களுடையதோடு சேர்த்து வைத்தேன். அன்று சாயங்காலம் கேட்டில் அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"வீடு முடிஞ்சா திரும்பக் கழிக்கலாமா?"

"கழிக்கலாம் சித்தப்பா. பழைய வட்டியும் அஞ்சு பங்கா சேரும்."

"எப்பக்குள்ள முடியணும்?"

"கடன் வாங்கின வருஷம் முடிஞ்சதுலேர்ந்து அஞ்சு வருஷத்துக்குள்ள. இன்னும் ரெண்டு வருஷம் சொச்சம் இருக்கு. அது தாண்டினா ரெண்டு லட்சம் இல்ல, வருஷத்துக்கு முப்பதாயிரம்தான். கடன் தீர்ற வரைக்கும்."

"முப்பதாயிரம் கழிச்சா அந்தக் கோட்டுக்குக் கீழ வருமா?"

"வராது."

தலையசைத்தார். ரெண்டு வருஷம் சொச்சம் என்று ஒருமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் பழையபடி ஆகிவிட்டோம் என்று நினைத்தேன். கேட்டில் நான் கேட்பேன். அவர் "கொக்கி நகரல" என்பார். ஒருநாள், "காக்கா கொக்கிக்கு மேல கூடு கட்டுது. அது முடிச்சுக் குடியேறிடும் போல" என்றார்.

மார்ச் மாதம் புது வருடத்துக்கான படிவம் சுற்றுக்கு வந்தது. வீட்டுச் சொத்து என்ற பகுதியை அவர் பேனாவால் குறுக்கே அடித்துவிட்டுக் கொடுத்தார். இருபத்து நான்கு லட்சம் கடன் வைத்திருக்கும் மனிதருக்கு, எங்கள் பதிவேட்டில் வீடு இல்லை. அந்த வருடம்தான் அது முதல்முறையாகச் சரியான பதிவு.

அதற்கு மறுவாரம், பகல் இரண்டு மணிக்கு, ஷிப்டு முடியாமலே சித்தப்பா கீழே இறங்கி வந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அப்படி இறங்கியதில்லை. முற்றத்தில் ஒரு தகடு பாதி உயரத்தில் தொங்க, கீழே இருந்தவர்கள் கை ஜாடை காட்டிக்கொண்டே இருந்தார்களாம். அவர் அதை மெதுவாக இறக்கி வைத்துவிட்டுத்தான் ஏணியில் கால் வைத்தார். நேராகச் சம்பளப் பிரிவின் ஜன்னலுக்கு வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை.

"கொக்கி நகர்ந்துச்சு பாப்பா" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். "வேலை ஆரம்பிச்சிட்டாங்களா?"

"க்ரேனக் கழட்டறாங்க. காலையிலேர்ந்து. அதோட கை இறங்கிடுச்சு, இப்ப கம்பத்தத் துண்டு துண்டா இறக்கறாங்க." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "க்ரேன் இல்லாம யாராலயும் மூணு மாடி ஏத்த முடியாது. எனக்குத் தெரியும். இதெல்லாம் எனக்குத் தெரியும்."

என் திரையில் யாரோ ஒருவருடைய படிவம் திறந்திருந்தது. தேதிக்கான கட்டம் சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தது. உட்காருங்க சித்தப்பா என்றேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார எதுவும் இல்லை.